ஐந்து ஏக்கருக்கு ஓர் உழவு இயந்திரம் தேவையா?

கிளிநொச்சி, இரணைமடுவின் கீழ் ஐந்து ஏக்கர் நெல் செய்யும் ஒரு கமக்காரர் புரட்டாதி வந்தால் இரண்டு விடயங்களுக்காகக் காத்திருப்பார். ஒன்று மழை. மற்றது வாடகை உழவு இயந்திரம். இரண்டாவது காத்திருப்பு எரிச்சலைத் தரும். நிலம் பதமாக இருக்கும் அன்று மெசின் வேறொருவர் வயலில் நிற்கும். “சொந்தமாக ஒன்று எடுத்தால் என்ன?” என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. லீசிங் நிறுவனத்தின் படியேறுவதற்கு முன்னர், வருடத்துக்கு எத்தனை மணித்தியாலம் அந்த இயந்திரம் ஓடும் என்பதைக் கணக்கிட வேண்டும்.

சிறிய வயல்களில் நான்கு சக்கர இயந்திரம் ஓர் ஏக்கரை ஒரு தடவை உழ ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். கலப்பையால் இரு தடவை, ரொட்டவேற்றரால் ஒரு தடவை என்று வைத்தால் ஏக்கருக்கு மூன்று மணித்தியாலம். ஆகவே காலபோகத்துக்கு 15 மணித்தியாலம். சிறுபோகத்தில் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் பங்கு கிடைக்கும். இரண்டு ஏக்கர் கிடைத்தால் இன்னும் ஆறு. மறு உழவு, சேறடிப்பு எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு 25 மணித்தியாலம்தான்.

கணக்குக்காக, டீசலும் சாரதியும் உட்பட வாடகை மணித்தியாலத்துக்கு 6,000 ரூபா என்று எடுப்போம். வருடச் செலவு ஒன்றரை இலட்சம். இயந்திரமும் கலப்பைகளும் சேர்ந்து 50 இலட்சம், பத்து வருடத்தில் 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால், பெறுமதித் தேய்வு மட்டும் வருடத்துக்கு 3 இலட்சம். வட்டி சுமார் 4 இலட்சம். காப்புறுதி, ஒயில், ரயர், திருத்தவேலைக்கு ஓர் இலட்சம். இயந்திரம் கொட்டிலில் நின்றாலும் இந்த 8 இலட்சம் போகும். உங்கள் ஊர் விலைகளைப் போட்டால் தொகை மாறும், முடிவு பெரிதாக மாறாது.

“பிந்தினால் விளைச்சல் குறையுமே” என்பது நியாயமான கேள்வி. புழுதி விதைப்பில் அது பெரிய கேள்வி. மழை இறுகுவதற்கு முன் விதைக்காவிட்டால் வயலில் நீர் நின்றுவிடும். பிறகு சேறடித்துத்தான் விதைக்க வேண்டும், செலவும் நாளும் கூடும். பிந்தியதால் ஏக்கருக்கு 200 கிலோ குறைந்தது என்று வைப்போம். ஐந்து ஏக்கருக்கு ஆயிரம் கிலோ. கிலோ 120 ரூபாப்படி 1,20,000 ரூபா. ஒவ்வொரு வருடமும் இப்படி இழந்தாலும், வாடகையோடு சேர்த்து 2,70,000 ரூபாதான். எட்டு இலட்சத்துக்கு இன்னும் வெகுதூரம்.

டீசலுக்கும் சாரதிக்கும் 2,200 ரூபா போக, சொந்த இயந்திரம் மணித்தியாலத்துக்கு 3,800 ரூபா மிச்சப்படுத்தும். எட்டு இலட்சத்தை ஈடுசெய்ய அது வருடத்துக்கு 210 மணித்தியாலம் ஓட வேண்டும். உங்கள் 25 போக மிச்சம் 185 மணித்தியாலம், அதாவது அயலவரின் அறுபது ஏக்கருக்கு மேல். அப்போது நீங்கள் கமக்காரர் மட்டுமல்ல, வாடகைக்காரரும்கூட. பலர் அறுவடைக்குப் பிறகுதான் காசு தருவார்கள், தவணைப் பணமோ மாதாமாதம் வரும். அதைவிட வேடிக்கை, பதமான அந்த ஒரு நாளில் அறுபது ஏக்கர்க்காரர்களும் உங்கள் வாசலில் நிற்பார்கள். உங்கள் வயல் கடைசியாகப் போகவும் கூடும்.

வாடகைக்கு எடுப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஏக்கர் கணக்கில் பேசினால் சாரதி வேகமாக ஓட்டுவார், உழவு மேலாக விழும். ஒரு கம்பியை நிலத்தில் குத்திப் பாருங்கள், நாலைந்து அங்குலம் இலகுவாக இறங்காவிட்டால் மீண்டும் ஓடச் சொல்லுங்கள். மணித்தியாலக் கணக்கில் பேசினால் சிறிய, கோணல் வயல்களில் திரும்புவதற்கே நேரம் போகும். அப்படியானால் கூடுதலாகக் கொடுப்பது நீங்கள்தான். கைக்கடிகாரத்தில் வயலுக்குள் இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்களின் மணிக் கணிப்பி எஞ்சின் சுழற்சியோடு ஓடுவது. மெதுவாக ஓடும்போது அது குறைத்துத்தான் காட்டும், அதனால் கடிகாரமா கணிப்பியா என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வாடகையில் டீசல் அடங்குமா என்பதும் அப்படியே.

பிந்துவதுதான் உண்மையான கவலை என்றால், நான்கு சக்கரத்துக்குப் பதிலாக ஒரு பழைய இரு சக்கர உழவு இயந்திரம் பொருத்தமாக இருக்கும். முதல் உழவைப் பெரிய மெசினுக்கு வாடகை கொடுத்து முடித்துவிட்டு, சேறடிப்பையும் வரம்போர மூலைகளையும் சொந்தக் கையால் பார்க்கலாம். பெட்டி பூட்டினால் நெல் மூட்டையும் பசளையும் ஏற்றலாம். வாங்குமுன் குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கிப் பாருங்கள். சூடாக்கி வைத்துக் காட்டுபவரிடம் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.