முதல் பேக்டெஸ்ட் ரிப்போர்ட்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நண்பரோடு பால்கோவா சாப்பிட்டுக்கொண்டே அவருடைய முதல் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நிஃப்டி ஃபியூச்சர்ஸ், 75 யூனிட், மொத்த லாபம் 1,80,000 ரூபாய். "நல்லாத்தான இருக்கு?" என்றார்.

நான் முதலில் டிரேட் எண்ணிக்கையைத்தான் தேடினேன். 600. அப்படியென்றால் ஒரு டிரேடுக்குச் சராசரி 300 ரூபாய், அதாவது வெறும் 4 பாயின்ட். நிஃப்டி 22,000 என்றால் 75 யூனிட்டின் மதிப்பு 16.5 லட்சம். விற்கும்போது பிடிக்கும் எஸ்டிடி, 2024 அக்டோபரில் வந்த 0.02 சதவீதப்படி, 330 ரூபாய். அவர் செலவைச் சேர்க்கவே இல்லை. புரோக்கரேஜுக்கும் ஸ்லிப்பேஜுக்கும் முன்பே கணக்கு நஷ்டம்.

லாப டிரேடுகளின் கூட்டல் 10,80,000, நஷ்டத்தின் கூட்டல் 9,00,000. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.2. இதுதான் ப்ராஃபிட் ஃபேக்டர். இவ்வளவு மெல்லிய இடைவெளியைச் செலவு சுலபமாகத் தின்றுவிடும்.

சும்மா விடுவாரா? ஃபில்டர்களைப் போட்டு அடுத்த வாரம் ப்ராஃபிட் ஃபேக்டர் 3 என்று கொண்டுவந்தார். லாபம் 1,50,000, நஷ்டம் 50,000. ஆனால் டிரேடு 12தான். பட்டியலைத் திறந்தால், தேர்தல் முடிவு வந்து சந்தை சரிந்த 2024 ஜூன் 4 அன்று ஷார்ட்டில் 1,200 பாயின்ட், 90,000 ரூபாய். அந்த ஒரு வரியை அழித்தோம். லாபம் 60,000 ஆனது, ஃபேக்டர் பழையபடி 1.2. மீதி 11 டிரேடுக்குச் சராசரி 909 ரூபாய்; அதிலும் செலவு இன்னும் கழிக்கவில்லை.

பத்து வருட டேட்டாவில் திரும்ப ஓட்டச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை செலவோடு.