‘இரண்டு வருஷம் என்ன பண்ணீங்க?’ - கவர் லெட்டரில் ஒரே பத்தியில் உண்மையைச் சொல்வது எப்படி?

திட்டக்குடியைச் சேர்ந்த ஒரு அக்கவுன்டன்ட் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் 4 வருஷ அனுபவம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2023 ஜூன் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 2025 ஜூலையில் மறுபடி வேலை தேடுகிறார். தொழுதூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வரக்கூடிய பெரம்பலூரில், ஒரு தொழிற்சாலை அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருக்கிறது.

ரெஸ்யூமேயில் 2023-க்குப் பிறகு எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் ஹெச்.ஆர். கேட்கப்போகும் கேள்வி நமக்கே தெரியும். அதற்கு கவர் லெட்டரில் ஒரு பத்தி எழுத வேண்டும். என்ன எழுதுவது?

இந்த ஆளும் விளம்பரமும் நாம் உதாரணத்துக்காக உருவாக்கியவை. ஆனால் கீழே வரும் விதிகளும் தேதிகளும் நிஜம்.

‘குடும்பச் சூழ்நிலை’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்?

பெரும்பாலானவர்கள் எழுதும் வரி இதுதான்: “குடும்பச் சூழ்நிலை காரணமாக இரண்டு ஆண்டுகள் இடைவேளை எடுத்துக்கொண்டேன்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்த வரி மட்டும் இருந்தால் விண்ணப்பம் பின்தங்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்க சமூகவியலாளர் கேட் வைஸ்ஷார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கற்பனையான விண்ணப்பங்களைத் தயாரித்து, நிஜமான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். வேலையில் இருந்த தாய்மார்களின் விண்ணப்பங்களில் 15.3 சதவீதத்துக்கு அழைப்பு வந்தது. வேலை பறிபோய் வீட்டில் இருந்தவர்களுக்கு 9.7 சதவீதம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தாங்களாகவே வேலையை விட்டவர்களுக்கு வெறும் 4.9 சதவீதம். அப்பாக்களின் விண்ணப்பங்களிலும் இதே போக்குதான்.

கவனியுங்கள், நடுவில் உள்ளவர்களும் கடைசியில் உள்ளவர்களும் வேலையில்லாமல்தான் இருந்தார்கள். ஆனால் தானாக விட்டவர் பாதி அழைப்புகளைத்தான் பெற்றார். ‘ஒரு தடவை குடும்பத்துக்காக விட்டவர், மறுபடியும் விட்டுவிடுவார், வேலையில் முழு ஈடுபாடு இருக்காது’ என்ற எண்ணம்தான் இதற்கு முக்கியக் காரணம் என்கிறது அந்த ஆய்வு.

இது அமெரிக்காவில், குழந்தை வளர்ப்பை வைத்துச் செய்த ஆய்வு. பெரம்பலூர் ஹெச்.ஆருக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘மறுபடி விட்டுவிடுவாரோ?’ என்ற சந்தேகம் நம்ம ஊரிலும் உண்டு. அதனால் காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. அந்தக் காரணம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்போ மறைத்துவிடலாமா?

‘பழைய கம்பெனியில் 2024 வரைக்கும் இருந்ததாகப் போட்டுக்கோ, யார் பார்க்கப்போறாங்க?’ என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பார்ப்பார்கள். பி.எஃப். பிடித்த வேலையில் இருந்தவர்களின் யுஏஎன் கணக்கில் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் பதிவாகியிருக்கும். பாஸ்புக்கில் எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்பதும் தெரியும். பின்னணிச் சரிபார்ப்பில் இந்த விவரத்தைக் கேட்கும் நிறுவனங்கள் நிறைய. இடைவேளை இருந்தது என்பதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அரிது. தேதி பொய் என்றால் திரும்பப் பெற அதுவே போதும்.

எனவே எழுத உட்காரும் முன் ஒரு வேலை: இபிஎஃப்ஓ உறுப்பினர் தளத்தில் View பகுதியில் Service History-யைத் திறந்து உங்கள் தேதிகளைப் பாருங்கள். சில சமயம் பழைய நிறுவனம் விலகிய தேதியைப் போடாமலே விட்டிருக்கும். அப்படியானால் பதிவில் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை செய்வது போல இருக்கும். நீங்கள் எழுதும் உண்மையே பொய் போலத் தெரியும். கடைசி பி.எஃப். தொகை கட்டி இரண்டு மாதம் கடந்திருந்தால், Manage பகுதியில் உள்ள Mark Exit மூலம் ஆதார் ஓடிபி கொடுத்து நீங்களே அந்தத் தேதியைப் பதிவுசெய்யலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே கொடுங்கள்.

விளம்பரத்தில் இருந்துதான் பத்தி தொடங்குகிறது

நம் உதாரண விளம்பரம் கேட்பது இவை: 3 முதல் 5 வருஷ அனுபவம், சப்ளையர் கணக்குகளைச் சரிபார்த்தல், ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு, டிடிஎஸ், தினமும் அலுவலகம் வர வேண்டும், உடனே சேர வேண்டும்.

இதைப் படித்தால், இரண்டு வருஷ இடைவேளை பற்றி இந்த நிறுவனத்துக்கு என்னென்ன கவலை வரும் என்பது தெரிந்துவிடும். தினமும் வர முடியுமா, மறுபடி விட்டுவிட மாட்டாரே என்பது ஒன்று. இரண்டு வருஷத்தில் மாறிய விஷயங்கள் இவருக்குத் தெரியுமா என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது கவலை அக்கவுன்ட்ஸ் துறையில் ரொம்ப நியாயமானது. நம்மவர் ஊரில் இருந்த காலத்தில்தான் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. ஒன்று, வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை உரிய கெடுவுக்குள் (ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள்) தராவிட்டால், பணத்தைக் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, 2024 அக்டோபர் 14 முதல் ஜிஎஸ்டி தளத்தில் வந்த ஐஎம்எஸ். சப்ளையர் ஏற்றிய ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். அதைப் பொறுத்துத்தான் 2பி தயாராகும். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

சப்ளையர் கணக்கு பார்க்க ஆள் தேடும் தொழிற்சாலைக்கு இந்த இரண்டுமே அன்றாட வேலை. ‘புதிய மாற்றங்களைத் தெரிந்து வைத்திருக்கிறேன்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, இவற்றைப் பெயர் சொல்லி எழுதுவதுதான் நம்பிக்கை தரும்.

எழுதிப் பார்ப்போம்

பொதுவாக இந்தக் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகும். வரிசையும் உள்ளடக்கமும் புரிவதற்காக இங்கே தமிழில்:

*“சப்ளையர் கணக்குச் சரிபார்ப்பு, 2பி ஒப்பீடு, டிடிஎஸ் ஆகிய வேலைகளைச் சென்னையில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் 4 ஆண்டுகள் செய்தேன், சுமார் 180 சப்ளையர்களின் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. தந்தையின் உடல்நிலை காரணமாக 2023 ஜூன் 30 அன்று விலகி, திட்டக்குடியில் இரண்டு ஆண்டுகள் அவரைக் கவனித்துக்கொண்டேன். இப்போது தம்பி குடும்பத்துடன் அவருடன் இருக்கிறார். ஜூலை 14 முதல் தினமும் அலுவலகம் வர முடியும். கடைசி ஓராண்டில் உறவினரின் உரக்கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். ஐஎம்எஸ்ஸை அங்கே, ஒவ்வொரு தாக்கலுக்கும் சுமார் 40 பில்கள் என்ற சிறிய அளவில் பயன்படுத்தியிருக்கிறேன். 43பி(எச்) விதியைப் படித்திருக்கிறேன், வேலையில் கையாண்டதில்லை.”*

முதல் வரி வேலையைப் பற்றியது. இடைவேளை இரண்டாவது வரியில்தான் வருகிறது, அதுவும் தேதியோடு. மூன்றாவது வரிதான் இதில் முக்கியம். ‘மறுபடி விட்டுவிடுவாரோ?’ என்ற சந்தேகத்துக்கு, ‘நான் அர்ப்பணிப்புடன் இருப்பேன்’ என்ற வாக்குறுதி பதில் ஆகாது. ‘தம்பி இருக்கிறார், இந்தத் தேதியில் வருகிறேன்’ என்ற தகவல் பதில் ஆகும்.

கடைசி மூன்று வரிகளைப் பார்த்து ‘இதெல்லாம் சொல்லணுமா?’ என்று தோன்றலாம். உரக்கடை வேலையை ‘ஃப்ரீலான்ஸ் டாக்ஸ் கன்சல்டன்ட்’ என்று எழுத ஆசை வரும். ஆனால் நேர்காணலில் ‘எத்தனை க்ளையன்ட்? மாசம் எத்தனை பில்?’ என்ற இரண்டே கேள்வியில் அது உடைந்துவிடும். 40 பில் என்று எழுதியவரிடம் அந்த 40 பில்லைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

எவ்வளவு சொல்வது?

உண்மையைச் சொல்வது என்றால் எல்லாவற்றையும் சொல்வது என்று அர்த்தமில்லை. அப்பாவுக்கு என்ன நோய், எந்த மருத்துவமனை, எவ்வளவு கடன் என்பதெல்லாம் இந்தப் பத்தியில் தேவையே இல்லை. அது அப்பாவின் அந்தரங்கமும்கூட.

எதைச் சொல்வது, எதை விடுவது என்பதற்கு விளம்பரமே அளவுகோல். மாதம் ஒரு நாள் அப்பாவை செக்கப்புக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், அது சாதாரண விடுப்பில் முடிகிற விஷயம். நேர்காணலில் சொன்னால் போதும். ஆனால் விளம்பரத்தில் ‘மாதக் கடைசியில் இரவு தங்கி வேலை பார்க்க வேண்டும்’ என்று இருந்து, உங்களால் அது முடியாது என்றால், கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சேர்ந்த முதல் மாதமே அது வெளியே வரும்.

கவனிப்புப் பொறுப்பு இன்னும் முடியவில்லை என்றால்? மூன்றாவது வரியை எழுத முடியாது; எழுதவும் கூடாது. அப்போது தினமும் அலுவலகம் வரச் சொல்லும் வேலையைவிட, வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கோ பகுதிநேர வேலைக்கோ விண்ணப்பிப்பதுதான் சரி. பத்தியை எழுத முடியவில்லை என்பதே அந்த வேலை இப்போதைக்கு ஒத்துவராது என்பதற்கு அடையாளம்.

அடுத்த வேலைக்கு இதையே அனுப்பலாமா?

கூடாது. அதே நபர் அடுத்த வாரம் கடலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். அங்கே பல சிறு கடைகளுக்கு ரிட்டர்ன் போடுவதுதான் வேலை. அப்போது 180 சப்ளையர் கணக்கு பின்னால் போய், உரக்கடை அனுபவம் முதல் வரிக்கு வரும். திட்டக்குடியிலிருந்து கடலூருக்குத் தினமும் போய் வருவது சிரமம் என்பதால், மூன்றாவது வரியில் ‘கடலூரிலேயே தங்கிக்கொள்வேன்’ என்பதும் சேர வேண்டும்.

மாறாதது நடுவில் இருக்கும் ஒரே ஒரு வரிதான்: எப்போது விலகினார், ஏன் விலகினார். அந்த வரி எல்லாக் கடிதங்களிலும், ரெஸ்யூமேயிலும், யுஏஎன் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.