75,000 ரூபாய் கழித்தால் 74,100 ரூபாய் மிச்சம், தெரியுமா?

ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய். கட்ட வேண்டிய வருமான வரி? பூஜ்ஜியம்! 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு இது நடக்கிறது. நடத்திக் காட்டுவது இரண்டு வெவ்வேறு சலுகைகள் என்பது தெரியுமா?

முதலாவது, கழிவு. இது வரியைத் தொடுவதே இல்லை, வருமானத்தைத்தான் குறைக்கிறது. நிலையான கழிவு 75,000 போனால் மிஞ்சுவது 12 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். 20,000மும் 40,000மும் சேர்ந்து வரி 60,000 ரூபாய்.

இங்கேதான் இரண்டாவது வருகிறது: 87ஏ பிரிவின் தள்ளுபடி. கணக்குப் போட்டு முடித்த வரியிலேயே கை வைக்கும் சலுகை இது. கழிவு போக மிஞ்சும் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 60,000 வரை அப்படியே தள்ளுபடி!

சரி, அந்த நிலையான கழிவு மட்டும் இல்லையென்றால்? 12,75,000க்கு வரி 71,250. தள்ளுபடி கிடையாது. 4 சதவீத செஸ் சேர்த்தால் 74,100 ரூபாய்! அதே 75,000 கழிவு, 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சப்படுத்துவது செஸ்ஸோடு 23,400 மட்டுமே. ஆண்டுக்கு 4 லட்சம் வாங்குபவருக்கோ எதுவுமே இல்லை. அவருக்கு ஏற்கெனவே வரி கிடையாதே!

இன்னொன்று கேளுங்கள். சம்பளம் 10,000 ரூபாய் கூடி 12,85,000 ஆகிறது. கழிவு போகவும் 12 லட்சத்தைத் தாண்டுவதால் தள்ளுபடி போயே போச்சு, வரி 61,500! நல்லவேளை, மார்ஜினல் ரிலீஃப் என்ற ஏற்பாடு குறுக்கே வந்து, 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகையைவிட வரி கூடாமல் தடுக்கிறது. ஆக வரி 10,000. அதன் மேல் செஸ் 400. கூடுதலாக வந்தது 10,000, போவது 10,400! இந்த நிவாரணம் கழிவு போக மிஞ்சும் வருமானம் ஏறத்தாழ 12,70,588 ரூபாய் ஆகும் வரைதான். அதற்குமேல் முழு வரி.

இதிலிருந்து தப்ப நேர்மையான வழி உண்டு. அந்தக் கூடுதல் 10,000த்தை நிறுவனமே தன் பங்காக உங்கள் என்பிஎஸ் கணக்கில் போட்டால் (அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14 சதவீதம் வரை) புதிய முறையிலும் கழிவு உண்டு. வருமானம் மறுபடி 12 லட்சம், வரி பூஜ்ஜியம். ஆனால் நீங்களே உங்கள் கையிலிருந்து போட்டால் புதிய முறையில் கழிவு கிடையாது.

பங்கு வாங்கி ஓராண்டுக்குள் விற்றவர்களே, கவனம்! அந்தக் குறுகியகால லாபத்தின் 20 சதவீத வரியைத் தள்ளுபடி தொடாது. கழிவு போகச் சம்பளம் 10 லட்சம், பங்கு லாபம் 1 லட்சம் என்றால் சம்பளத்தின் 40,000 வரி மறைந்துவிடும். லாபத்தின் 20,000மும் செஸ் 800மும் கட்டியே ஆக வேண்டும்.