புது டிவியில் ‘No Signal’ வருதா? டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்க!

புது 43 இன்ச் டிவியை சுவரில் மாட்டியாச்சு, செட்டாப் பாக்ஸையும் இணைச்சாச்சு. ஆனா, திரையில் ‘No Signal’தான் மிதக்குது. அம்மாவோட சீரியலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். மொட்டை மாடிக்குப் போய் டிஷ்ஷைத் திருப்பத் தோணும். அவசரப்பட வேண்டாம்!

யார் சொல்ற மெசேஜ்?

டிடிஎச் நிறுவனத்தின் லோகோவும் எரர் கோடும் திரையில் தெரிந்தால், அது பாக்ஸ் சொல்வது. டிஷ், கேபிள், ரீசார்ஜ் பக்கம்தான் பார்க்கணும். வெறும் கறுப்பு அல்லது நீலத் திரையில் ‘No Signal’ மட்டும் வந்தால், பெரும்பாலும் அது டிவி சொல்வது. பாக்ஸிலிருந்து படமே டிவிக்கு வரவில்லை என்று அர்த்தம். டிஷ் மேல தப்பில்லை.

முதலில் பாக்ஸ் ஆன் ஆகியிருக்கா, ஸ்டாண்ட்பையில் இருக்கா என்று பாருங்கள். அடுத்து டிவியின் பின்பக்கம். HDMI கேபிள் எந்த எண் உள்ள போர்ட்டில் சொருகப்பட்டிருக்கிறது? HDMI 2 என்றால், டிவி ரிமோட்டில் Source அல்லது Input பட்டனை அழுத்தி அதே HDMI 2-வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிவி HDMI 1-ல் நின்றிருந்தால் படம் வராது. பல டிவிகளில் இந்த இன்புட்டுக்கு ‘DTH’ என்று பெயர் மாற்றி வைக்கலாம், வீட்டில் யாரும் குழம்ப மாட்டாங்க. ARC என்று எழுதிய போர்ட்டை சவுண்ட்பாருக்கு விட்டு வைப்பது நல்லது.

டிஷ்ஷிலிருந்து வரும் வட்டக் கேபிள் பாக்ஸுக்குத்தான் போகணும். அதை நேரடியாக டிவியில் சொருகினால் கட்டணச் சேனல்கள் வராது.

ஒரே ரிமோட் போதுமா?

பழைய டிவிக்குப் பழக்கிய டிடிஎச் ரிமோட், புது டிவியை ஆன் செய்யாது. பிராண்டு மாறினால் கோடும் மாறும். கோடு கேட்கும் ரிமோட் என்றால், அதன் கையேட்டில் உங்கள் டிவி பிராண்டுக்கு நேரே உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டிவி பவர் பட்டனை அழுத்துங்கள். டிவி அணைந்தால் அதுதான் சரியான கோடு. சவுண்டும் கூடிக் குறையுதா என்று பார்த்துட்டு சேமிக்கவும்.

சில ரிமோட்டுகளுக்கு கோடு கிடையாது, பார்த்துக் கத்துக்கும். இரண்டு ரிமோட்டுகளின் முனைகளையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து, கையேட்டில் உள்ள வரிசைப்படி பட்டன்களை அழுத்த வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகள் பலவும் புளூடூத்தில் இயங்குபவை. டிடிஎச் ரிமோட்டால் இன்ஃப்ராரெட் சிக்னலை மட்டுமே கற்க முடியும். மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு நேராக டிவி ரிமோட்டைப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். திரையில் முனை ஊதா நிறத்தில் மின்னினால், அந்த பட்டனைப் பழக்கலாம். மின்னலையா? அந்த பட்டனுக்கு டிவி ரிமோட்டையும் கையில் வச்சுக்க வேண்டியதுதான்!