மகள் படிப்புக்கு சொசைட்டி லோன்: ஆசிரியையின் கடிதமும் அதன் கணக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கலந்தாய்வில் மகளுக்கு இடமும் கிடைத்துவிட்டால், ஆசிரியர் வீடுகளில் முதலில் எழும் பேச்சு சொசைட்டி லோன்தான். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்பது அதன் முழுப் பெயர். மாதாமாதம் சம்பளத்தில் சிக்கனத் தொகை பிடித்து, அப்படிச் சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் அமைப்பு அது. வீட்டுப் பத்திரமோ நகையோ பொதுவாகக் கேட்பதில்லை. சம்பளச் சான்றும் சக உறுப்பினர்கள் இருவரின் ஜாமீனும் இருந்தால், வங்கியைவிடச் சீக்கிரம் பணம் கைக்கு வந்துவிடும்.

கடன் படிவத்தோடு ஒரு விண்ணப்பக் கடிதமும் போகும். அதைப் பலரும் குடும்பக் கஷ்டத்தில் தொடங்கி, ‘கருணை கூர்ந்து’ என்று முடிக்கிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். பல வருடமாகத் தன் சம்பளத்திலிருந்து சிக்கனத் தொகை கட்டிவந்த ஓர் உறுப்பினர், விதிப்படி தனக்குரிய கடனைக் கேட்கிறார். கெஞ்ச வேண்டிய இடமே அது இல்லை. கடிதம் போய்ச் சேரும் நிர்வாகக் குழுவுக்கோ தெரிய வேண்டியவை வேறு. எவ்வளவு வேண்டும், ஏன் அவ்வளவு, எப்படித் திரும்பி வரும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் கடிதத்தை எழுதுவதற்கு முன், ஆசிரியை ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாக வேண்டும்.

உதாரணத்துக்கு ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வயது 52. மொத்தச் சம்பளம் 90,000 ரூபாய். மகளுக்கு ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டுக் கல்விக் கட்டணம் 1,20,000, விடுதிக்கு 90,000, மடிக்கணினிக்கு 55,000, புத்தகம், முன்வைப்புத் தொகை என்று 30,000. மொத்தம் 2,95,000 ரூபாய் தேவை. அவருக்கு ஏற்கெனவே வாங்கிய சொசைட்டி லோனில் 90,000 பாக்கி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேவை 2,95,000 என்பதால் கடிதத்திலும் அதே தொகையை எழுதிவிடுகிறார்கள். சங்கம் புதுக் கடன் தரும்போது பழைய பாக்கியை அதிலேயே நேர்செய்துகொள்ளும். கடன் தொகையில் இத்தனை சதவீதம் பங்காக இருக்க வேண்டும் என்றும் துணை விதியில் இருக்கும். அந்தச் சதவீதம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். இங்கே 10 சதவீதம் என்று வைப்போம். ஆசிரியையின் பெயரில் 25,000 ரூபாய்க்குப் பங்கு இருக்கிறது. அவர் 2,95,000 கேட்டால் 29,500க்குப் பங்கு வேண்டும். ஆகவே 4,500 ரூபாய் பங்குக்குப் பிடிப்பார்கள், பழைய கடனுக்கு 90,000 போகும். கையில் வருவது 2,00,500. கல்விக் கட்டணத்தையும் விடுதியையும் சேர்த்துக் கட்டவே அது போதாது. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போது மீதிக்குக் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டிவரும்.

அதே ஆசிரியை 4,00,000 கேட்டால் பழைய பாக்கிக்கு 90,000, பங்குக்கு இன்னும் 15,000 போக, கையில் 2,95,000 சரியாக வரும். ஆகவே தேவையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கடன் தொகையை எழுத வேண்டும். பாக்கி எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று சங்க அலுவலகத்தில் கேட்டால் லெட்ஜரைப் பார்த்துச் சொல்வார்கள். கடிதம் எழுதுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது தவணை. பல சொசைட்டிகளில் அசலைச் சம தவணையாகப் பிரித்து, மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடுகிறார்கள். அதனால் முதல் மாதம் பிடித்தம் அதிகமாக இருந்து, போகப்போகக் குறையும். நம் ஆசிரியையின் 4,00,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்தால், 80 தவணையில் மாத அசல் 5,000, முதல் மாத வட்டி 4,000, ஆகப் பிடித்தம் 9,000. கடைசித் தவணை 5,050. முழுக் காலத்துக்கும் வட்டி 1,62,000 ஆகும். இதையே 40 தவணையாக வைத்தால் முதல் மாதப் பிடித்தம் 14,000, மொத்த வட்டி 82,000. கிட்டத்தட்டப் பாதி மிச்சம்.

பார்த்தவுடன் 40 தவணையே நல்லது என்று தோன்றும். சம்பளப் பட்டியலில் அது தாங்கவும் செய்யும். வருமான வரி, சேமநிதி, காப்பீடு எல்லாம் சேர்ந்து 17,000, சிக்கனத் தொகை 2,000, லோன் 14,000 போனாலும் 57,000 கைக்கு வரும். எல்லாப் பிடித்தமும் போக மொத்தச் சம்பளத்தில் குறைந்தது கால் பங்காவது கைக்கு வர வேண்டும் என்பது பொதுவாகப் பார்க்கும் அளவு. 57,000 அதற்கு வெகு மேலே இருக்கிறது. சங்கம் தயங்காமல் தந்துவிடும்.

ஆனால் சங்கம் பார்ப்பது சம்பளப் பட்டியலை மட்டும்தான். வீட்டுக் கடனுக்கு மாதம் 24,000 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போவது அந்தப் பட்டியலில் தெரியாது. அதையும் கழித்தால் 33,000. அடுத்த வருட விடுதிக்கு மாதம் 7,500 எடுத்து வைத்தால் 25,500. 80 தவணையாக இருந்தால் அதுவே 30,500. ஒரு குடும்பத்தில் மாதம் 5,000 ரூபாய் என்பது மளிகைக் கடனா, ரொக்கமா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. ஆகவே இவருக்கு 80 தவணைதான் பொருந்தும் என்பேன். அகவிலைப்படி நிலுவை வரும்போது கூடுதலாக அசலில் கட்டினால் வட்டியும் குறையும். முன்கூட்டிக் கட்டச் சங்கம் அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவணைக்கு இன்னோர் எல்லையும் உண்டு. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. இவருக்கு இன்னும் 96 மாதச் சம்பளம் இருப்பதால் 80 தவணை அதற்குள் அடங்கும். ஓய்வுக்கு அப்பால் போகும் தவணையைச் சங்கம் ஏற்காது.

நான்கு வருடப் படிப்புக்கும் சேர்த்து இப்போதே பெரிய கடனாக வாங்கிவிடலாமே என்று வீட்டில் ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அதை நான் ஒப்ப மாட்டேன். சொசைட்டி லோன் மொத்தமாக வரும், அடுத்த சம்பளத்திலேயே பிடித்தம் தொடங்கிவிடும். நான்காம் ஆண்டுக் கட்டணத்துக்கு இன்றிலிருந்தே வட்டி கட்டுவதில் அர்த்தமில்லை. வங்கிக் கல்விக் கடன் வருடாவருடம் கல்லூரிக்கே போகும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்டத் தேவையில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ நம் பங்குப் பணமோ கேட்பதில்லை. இந்த மாணவிக்கு மீதி மூன்று வருடக் கல்விக் கட்டணம் 3,60,000, அதற்குள் அடங்கிவிடும். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வங்கிக் கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவும் உண்டு. பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தின் கடனுக்கு அந்தக் கழிவு கிடையாது. முதல் வருட அவசரத்துக்குச் சொசைட்டி, பிறகு வங்கி என்று பிரித்துக்கொள்வதே இவருக்குச் சிக்கனம்.

இவ்வளவும் முடிந்தபின் கடிதம் தானாக வரும். அனுப்புநர், பெறுநர், உறுப்பினர் எண் எல்லாம் வழக்கம்போல் எழுதி, தலைமை ஆசிரியர் வழியாக அனுப்பும் கடிதத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பொருள்: மகளின் உயர்கல்விக்காகக் கடன் கோருதல் தொடர்பாக.

நான் மேற்கண்ட பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நம் சங்கத்தில் உறுப்பினராக இருந்து தவறாமல் சிக்கனத் தொகை செலுத்தி வருகிறேன். என் மகளுக்கு இந்த ஆண்டு பொறியியல் படிப்பில் இடம் கிடைத்துள்ளது. முதலாண்டுச் செலவு ரூ. 2,95,000. சேர்க்கை ஆணையும் கல்லூரியின் கட்டண விவரமும் இணைத்துள்ளேன்.

என் நடப்புக் கடன் நிலுவை ரூ. 90,000ஐ நேர்செய்துகொண்டு, தேவையான கூடுதல் பங்குத் தொகையையும் பிடித்தம் செய்துகொண்டு, எனக்கு ரூ. 4,00,000 கடன் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 80 மாதத் தவணைகளில் என் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யச் சம்மதிக்கிறேன். என் பணி ஓய்வுக்கு முன்பே தவணைகள் முடிந்துவிடும்.

ஜாமீன்தாரர்கள் இருவரின் ஒப்புதலும், மூவரின் சம்பளச் சான்றுகளும் இணைக்கப்பட்டுள்ளன. கட்டணம் செலுத்தக் கடைசி நாள் இணைப்பில் உள்ளது. அதற்கு முன் நடைபெறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் அனுமதி நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் வருவது. கூட்டம் முடிந்த மறுநாள் கொடுத்த கடிதம் அடுத்த கூட்டம் வரை கட்டில் கிடக்கும். கூட்டம் என்றைக்கு என்று தெரிந்துகொண்டு, குறைந்தது ஒரு வாரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். சம்பளச் சான்றில் தலைமை ஆசிரியர் கையெழுத்து வாங்கவே அந்த ஒரு வாரத்தில் பாதி போய்விடும்.

ஜாமீன் போடுபவர்களைப் பற்றியும் ஆசிரியை யோசித்தாக வேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்துதானே டீச்சர்’ என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. தவணை நின்றால் சங்கம் ஜாமீன்தாரர் சம்பளத்தில் கைவைக்கலாம். ஆகவே ஜாமீன் கேட்கும்போதே தொகையையும் தவணையையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நமக்கு முன் ஓய்வுபெறப் போகிறவரைக் கேட்டால், பாதியில் வேறு ஜாமீன் தேட வேண்டிவரும்.

தவணை நிற்பது பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதால் நடப்பதில்லை. மாறுதலில் வேறு பள்ளிக்குப் போகும்போது, சொசைட்டிப் பிடித்தம் புது அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் ஏறாமல் போய்விடுகிறது. கைக்கு வரும் சம்பளம் திடீரென்று 9,000 ரூபாய் கூடியிருந்தால் அதுதான் அடையாளம். கடைசிச் சம்பளச் சான்றில் லோன் பாக்கி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, புது இடத்தில் பிடித்தம் தொடங்கும்வரை தவணையை நேரடியாகச் சங்கத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அபராத வட்டி சேரும், ஜாமீன் போட்ட டீச்சர்களுக்கும் நோட்டீஸ் போகும். கடன் முடிந்த மாதத்தில் நிலுவையில்லாச் சான்று வாங்கி, அதன் நகலை அந்த இருவருக்கும் கொடுத்துவிட்டால், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கடன் கேட்கப் போகும்போது பழைய ஜாமீன் எதுவும் குறுக்கே நிற்காது.