21 நாள் கணக்கு: தாமதமாக வந்த பெட்டிக்கு இழப்பீடு

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக டொராண்டோவுக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி மாதம். பெல்ட்டில் எல்லாப் பெட்டிகளும் வந்து தீர்ந்துவிட்டன. கம்பளிக் கோட்டும் பூட்ஸும் இருந்த அவருடைய பெட்டி மட்டும் வரவில்லை.

இதற்கான சட்டம் 1999-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது. சென்னை–மதுரை என்று தனியாக வாங்கும் டிக்கெட்டுக்கு இது பொருந்தாது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், உள்நாட்டுப் பகுதியும் சர்வதேசப் பயணத்தில் சேர்ந்துவிடும்.

டொராண்டோவில் அவர் முதலில் செய்ய வேண்டியது, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் லக்கேஜ் கவுண்ட்டரில் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்வது. பி.ஐ.ஆர். என்று சொல்லப்படும் அந்தப் படிவம் பெட்டி வரவில்லை என்பதற்குச் சான்று. அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், தாமதத்தால் என்ன செலவானது என்று நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெட்டி உடைந்து வந்திருந்தால் 7 நாள்தான். தொலைபேசியில் பேசியதை நம்பிக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால், நியாயமான கோரிக்கையும் அங்கேயே முடிந்துபோகும். மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு 21 நாளும் உண்டு. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் பெட்டி வராவிட்டால், தொலைந்துபோனதற்கான இழப்பீட்டையே கேட்கலாம். "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில் அதைத் தடுக்காது.

நம் பயணிக்கு ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. அதற்குள் கோட்டு, பூட்ஸ், உள்ளாடை, சோப்பு, சீப்பு எல்லாம் வாங்கியாயிற்று. ரசீதுகள் கையில் இருக்கின்றன. அவருக்கு எவ்வளவு கிடைக்கும்? பெட்டிக்கான உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு; ரூபாயில் ஏறக்குறைய 1.8 லட்சம் வரும், மாற்று விகிதத்தோடு ஏறும் இறங்கும். உச்சவரம்பு என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டி தாமதமானால் தானாகக் கிடைக்கும் தொகை அல்ல இது. ரசீதும் பட்டியலும் காட்டும் இழப்புக்குத்தான் பணம்.

நிறுவனங்கள் இங்கே இரண்டு பதில்களை வைத்திருக்கும். ஒன்று, "எங்கள் விதிப்படி ஒரு நாளுக்கு இவ்வளவுதான்." உடன்படிக்கை சொல்லும் வரம்புக்குக் கீழே பொறுப்பைக் குறைக்கும் எந்த ஒப்பந்த விதியும் செல்லாது, இதை எழுதிக் கேட்டாலே பல பேச்சுவார்த்தைகளின் போக்கு மாறிவிடும். மற்றொன்று, "கோட்டு உங்களிடமே இருக்கிறதே, பாதிதான் தருவோம்." உடன்படிக்கையில் இப்படி எந்த விகிதமும் இல்லை. அந்தக் குளிரில் அந்தப் பொருள் தேவைப்பட்டதா, விலை நியாயமானதா என்பதுதான் வாதம். கடும் குளிருக்கு ஒரு கோட்டு நியாயமானது. விலையுயர்ந்த மூன்று கோட்டுகள் என்றால் வாதம் பலவீனமாகும்.

தாமதத்தைத் தவிர்க்க எடுக்கக்கூடிய எல்லா நியாயமான நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் தப்பலாம். அதை நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. சென்னையிலிருந்து ஒரு நிறுவனமும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வேறொரு நிறுவனமும் ஏற்றிச் சென்றிருந்தால், முதல் நிறுவனத்தையோ கடைசி நிறுவனத்தையோ கேட்கலாம். "அவர்களிடம் போங்கள்" என்று மாறி மாறி அலையவிட வேண்டியதில்லை.

விமானமே தாமதமானாலும் இதே தத்துவம்தான்: 6,303 எஸ்.டி.ஆர். வரை, நிரூபித்த இழப்புக்கு மட்டும். தவறவிட்ட ஹோட்டல் பதிவு, புதிதாக வாங்கிய டிக்கெட் போன்றவை இதில் அடங்கும். வெறும் காத்திருப்புக்கு நிலையான தொகை தருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தனி விதி. மாண்ட்ரியலில் அது இல்லை.

உடல் காயம் என்றால் பயணியின் கை ஓங்குகிறது. விமானத்திலோ, ஏறும்போதோ இறங்கும்போதோ நேர்ந்த விபத்தால் காயம் என்று காட்டினால் போதும், 1,51,880 எஸ்.டி.ஆர். வரை நிறுவனம் தன் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பயணியின் சொந்தக் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்குக் குறையும். விபத்து என்றால் விமானம் விழ வேண்டும் என்பதில்லை. தந்தையின் மடிப்பு மேஜையிலிருந்து கவிழ்ந்த சூடான காபி ஒரு குழந்தையைச் சுட்ட வழக்கில், அதுவும் விபத்துதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. மாறாக, இயல்பாகப் பறந்த விமானத்தில் பயணியின் உடல்நிலையால் மட்டும் வந்த பாதிப்பு இதில் சேராது.

கடைசிக் கெடு இரண்டு ஆண்டு. சேரவேண்டிய இடத்துக்கு விமானம் வந்த, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அதற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதை நம்பி இதைக் கடத்திவிடக் கூடாது.