வேலியைத் தாண்டும் ஏணி

வீட்டுச் சுவருக்கு 1 அடி முன்னால், 8 அடி உயரத்தில் ஒரு வேலி நிற்கிறது. வேலிக்கு வெளியே தரையில் கால் ஊன்றி, அதன் உச்சியைத் தொட்டபடி சுவரில் சாயும் ஏணி ஒன்று வேண்டும். மிகக் குட்டையான ஏணி எவ்வளவு நீளம் இருக்கும்?

ஏணியின் காலை வேலிக்கு அருகே 1 அடியில் வைத்தால் ஏணி செங்குத்தாக நிமிர்ந்து, சுவரில் 16 அடி உயரத்தைத் தொட வேண்டியிருக்கும். அதற்கு 16 அடிக்கும் சற்று கூடுதலான ஏணி தேவை. பயந்துபோய் 8 அடி தள்ளி வைத்தால் சாய்வு சரியாக 45 பாகை, நீளம் 12.73 அடி. பலருக்கும் முதலில் தோன்றுவது இந்த 45 பாகைதான். வேலியின் உயரமும் இடைவெளியும் சமமாக இருந்தால் மட்டுமே அது சரியான விடை. இங்கே இரண்டும் சமமில்லை. ஆகவே இந்த இரு நிலைகளுக்கும் நடுவில் எங்கோதான் சிறுமம் இருக்கிறது.

காலுக்கும் வேலிக்கும் உள்ள தூரத்தை x என்போம். காலிலிருந்து சுவர்வரை x + 1 அடி. வடிவொத்த முக்கோணங்களின்படி, ஏணி சுவரைத் தொடும் உயரம் 8(x + 1)/x. இனி பிதாகரஸ் தேற்றம்:

L² = (x + 1)² (1 + 64/x²)

வர்க்கமூலத்தை எடுக்காமலே விடலாம். L எங்கே சிறியதோ அங்கேதான் L²-உம் சிறியது; வகையிடுவதும் எளிது. வகைக்கெழு சொல்வது இதுதான்: காலை மிகச் சிறிது வெளியே நகர்த்தினால் L² எந்த வேகத்தில் கூடும் அல்லது குறையும். பெருக்கல் விதியைப் பயன்படுத்திச் சுருக்கினால், பயமுறுத்தும் உறுப்புகள் தாமே அடிபட்டுப் போகின்றன:

2(x + 1)(1 − 64/x³)

முதல் பகுதி எப்போதும் நேர்மதிப்பு. எல்லாத் தீர்ப்பும் இரண்டாம் அடைப்புக்குறிக்குள்தான். x 4-ஐவிடச் சிறியதானால் அது எதிர்மதிப்பு, அதாவது காலை வெளியே நகர்த்த நகர்த்த ஏணி சுருங்குகிறது. 4-ஐத் தாண்டினால் நேர்மதிப்பு, ஏணி மறுபடி நீள்கிறது. திரும்புமிடம் x³ = 64, ஆக x = 4. அப்போது சுவரிலிருந்து கால் 5 அடி, தொடும் உயரம் 10 அடி, ஏணி √125, அதாவது ஏறத்தாழ 11.18 அடி. சாய்வு 63 பாகைக்குச் சற்று மேல். எந்த வேலிக்கும் வழி இதுவே: உயரத்தின் வர்க்கத்தை இடைவெளியால் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் x கிடைக்கும்.

இந்தக் கனமூலத்துக்குப் பழைய வரலாறு உண்டு. இரு கோடுகளுக்கு இடையில், கொடுத்த ஒரு புள்ளி வழியாகச் செல்லும் மிகக் குட்டையான கோட்டுத்துண்டை இன்றும் ஃபைலோ கோடு என்கிறோம். பைசாந்தியத்தைச் சேர்ந்த கிரேக்கப் பொறியாளர் ஃபைலோ, ஒரு கனசதுரத்தின் கன அளவை இரட்டிப்பாக்கும் புதிருக்காக இதைக் கையாண்டார். நம் வேலியைச் சுவரிலிருந்து 4 அடிக்கு நகர்த்திப் பாருங்கள்: ஏணியின் சாய்வு விகிதம் சரியாக 2-இன் கனமூலம் ஆகிவிடுகிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அந்த நீளத்தை வரையவே முடியாது என்று 1837-இல் பியர் வாண்ட்செல் நிறுவினார். வகைக்கெழுவோ அதை நாலு வரியில் தந்துவிடுகிறது.

போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க ஃபைலோ கோட்டின் ஒரு பண்பு உதவும். சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்து ஏணிக்குச் செங்குத்தாக ஒரு நூலை இழுங்கள். அது ஏணியைத் தொடும் இடத்திலிருந்து ஏணியின் கால்வரை உள்ள தூரமும், வேலி உச்சியிலிருந்து ஏணியின் தலைவரை உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். நம் ஏணியில் இரண்டுமே √5 அடி.

சரி, 11.18 அடியில் ஏணி செய்து ஏறலாமா? வேண்டாம். சாய்வு ஏணியின் காலை அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி வைப்பதே பாதுகாப்பு விதி. சாய்வு ஏறத்தாழ 75 பாகை. 63 பாகையில் கால் வழுக்கும் அபாயம் அதிகம். நல்லவேளையாக, சிறுமத்தை ஒட்டி வகைக்கெழு பூஜ்யத்தைச் சுற்றியே இருப்பதால், கால் அரை அடி இப்படி அப்படிப் போனாலும் நீளத்தில் ஏறக்குறைய அரை அங்குலமே கூடுகிறது. பாதுகாப்பான சாய்வுக்கு நிமிர்த்தினால்கூடத் தேவைப்படுவது சுமார் 12¼ அடிதான். சிறுமத்தைவிட ஓர் அடி சொச்சம் அதிகம். கால் சுவரிலிருந்து 3 அடிக்குச் சற்று மேல் இருக்கும், தலை சுவரில் 12 அடியை நெருங்கும். வேலியின் மீது பாரம் விழாமல் இருக்க, அதிலும் சில அங்குலம் சேர்த்தே வாங்குங்கள்.